கேட்டது ஒரு பொருள், வந்தது வேறொன்றின் விலை

எழுதுபொருள் கடை ஒன்றின் விலைப்பட்டியல் எக்செல் தாளில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். A நிரலில் பொருள் எண், B நிரலில் விலை. மொத்தம் ஏழு வரிசைகள்.

```
101   40
104   65
109  120
112  210
115   85
120  150
106   30
```

கடைசியில் இருக்கும் 106 புதிதாக வந்த பொருள். இடையில் வரிசை செருகச் சோம்பல்பட்டு அடியில் சேர்த்துவிட்டார்கள். பில் போடுபவர் D2-வில் பொருள் எண்ணைத் தட்டினால் விலை தானாக வர, இந்தச் சூத்திரம் இருக்கிறது:

```
=VLOOKUP(D2,$A$2:$B$8,2)
```

109 என்று தட்டினால் 120 வருகிறது, 115-க்கு 85. இரண்டும் சரி. 106-க்கு மட்டும் 30 வராமல் 65 வருகிறது. சிவப்பு எழுத்தோ எச்சரிக்கையோ கிடையாது. அதே எழுத்துருவில், நம்பும்படியான ஒரு விலை.

சூத்திரத்தில் நான்காவதாக ஒன்று விடுபட்டிருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் TRUE என்று எக்செல் எடுத்துக்கொள்ளும். அதற்குத் தோராயப் பொருத்தம் என்று பொருள். கேட்ட எண் இல்லாவிட்டால், அதைவிடச் சிறியவற்றில் மிகப் பெரியதைக் கொடு என்பதே அந்தக் கட்டளை. பட்டியல் ஏறுவரிசையில் இருக்கிறது என்ற நம்பிக்கையில், அகராதியைப் பாதியில் திறந்து முன்னே பின்னே போவதுபோல அது தேடுகிறது. முதலில் நடு வரிசையான 112-ஐப் பார்க்கிறது. 106 அதைவிடச் சிறியது, ஆகவே கீழ்ப்பாதியை அப்படியே ஒதுக்கிவிடுகிறது. உண்மையான 106 இருந்தது அந்தப் பாதியில்தான். மிஞ்சிய மூன்றில் நடுவே 104. அது சிறியது, அடுத்துள்ள 109 பெரியது. எனவே 104-இன் விலை 65 வந்து உட்கார்கிறது.

பட்டியலை வரிசைப்படுத்தினால் 106-க்குச் சரியான விலை வந்துவிடும். ஆனால் சிக்கல் அதோடு தீராது. பட்டியலிலேயே இல்லாத 118-ஐ யாராவது தவறித் தட்டினால், 115-இன் விலையான 85 வரும். இல்லாத பொருளுக்கும் பில் தயார்.

அப்படியானால் இந்த வசதி எதற்கு? 1979-இல் வந்த, தனிநபர் கணினிக்கான முதல் விரிதாள் மென்பொருளான விசிகால்க்கிலேயே இந்தத் தேடல் இருந்தது. வருமான வரிக் கணக்கு போன்றவற்றுக்கு அது அவசியம். அடுக்கு முறையில் அமைந்த எதற்கும் அதுவே பொருத்தம். 50 உருப்படி முதல் 5 சதவீதம், 100 முதல் 10, 500 முதல் 15 என்று தள்ளுபடி இருந்தால், 320 என்ற எண் அட்டவணையில் இருக்காது; அது 100-இன் அடுக்கில்தான் விழ வேண்டும். பொருள் எண்ணோ அளவு அல்ல, பெயர். 106-க்கு 104 பக்கத்து வீடாக இருக்கலாம், பதிலாள் ஆக முடியாது.

ஆகவே விலைப்பட்டியலுக்கு இப்படி எழுத வேண்டும்:

```
=VLOOKUP(D2,$A$2:$B$8,2,FALSE)
```

இப்போது 106-க்கு 30 வரும், 118-க்கு #N/A வரும். பார்க்க அழகாக இல்லையே என்று IFERROR போட்டு அதைச் சுழியமாக மாற்றுபவர்கள், ஒரு மௌனத் தவறை விரட்டி இன்னொன்றைக் குடியமர்த்துகிறார்கள்.

ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள தாளைச் சோதிக்க, பழைய சூத்திரத்திடம் விலையைக் கேட்காமல் எண்ணையே திருப்பிக் கேட்கலாம்:

```
=VLOOKUP(D2,$A$2:$A$8,1,TRUE)=D2
```

FALSE என்று வரும் வரிசைகளில் எல்லாம் விலை வேறொரு பொருளிடம் கடன் வாங்கியது. கூகுள் ஷீட்ஸ், லிப்ரேஆபிஸ் இரண்டிலும் நான்காவதை விட்டால் தோராயம்தான். புதிய எக்செல் பதிப்புகளில் உள்ள XLOOKUP மட்டும், எதுவும் சொல்லாவிட்டால் துல்லியப் பொருத்தத்தையே எடுத்துக்கொள்ளும்.

துல்லியத்திலும் ஒரு பொறி உண்டு. எக்செல்லின் VLOOKUP, FALSE போட்டாலும், எழுத்தாக இருக்கும் தேடுசொல்லில் வரும் * குறியை ‘இடையில் எது வேண்டுமானாலும்’ என்றே படிக்கும். போட்டோ ஃப்ரேம் கடையில் அளவை 6*4 என்று எழுதித் தேடினால், 6-இல் தொடங்கி 4-இல் முடியும் எதுவும் பொருந்தும். பட்டியலில் 60*24 மேலே இருந்தால் அந்தப் பெரிய ஃப்ரேமின் விலை வரும். தேடும்போது 6~*4 என்று குறிக்கு முன் ஒரு ~ சேர்த்தால் எக்செல் அதை வெறும் குறியாக எடுத்துக்கொள்ளும். அதைவிட எளிது, அளவுகளைத் தொடக்கத்திலேயே 6x4 என்று எழுதிவிடுவது.