14 லட்சமா, 12 லட்சமா?

சோழிங்கநல்லூரில் ஆறு வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்க்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். கையில் இரண்டு ஆஃபர் லெட்டர். முதலீட்டாளர் பணத்தில் ஓடும் ஸ்டார்ட்அப் ஒன்று ஆண்டுக்கு 14 லட்சம் தருகிறேன் என்கிறது. நெடுங்காலமாக லாபத்தில் நடக்கும் கம்பெனி 12 லட்சம் என்கிறது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே பேச்சு: "ரெண்டு லட்சத்தை யாராவது விடுவாங்களா?"

அந்த ரெண்டு லட்சம் உண்மையிலேயே இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். லெட்டரின் முதல் பக்கத்தில் இருப்பது சிடிசி, அதாவது கம்பெனி தன் கணக்கில் உங்கள் பெயருக்கு எழுதும் மொத்தச் செலவு. கடைசிப் பக்க அட்டவணையில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்டார்ட்அப்பின் 14 லட்சத்தில் 2,10,000 வேரியபிள் பே. அது கிடைப்பது கம்பெனியின் வருமானத்தையும் பொறுத்தது. 1,00,000 ஜாயினிங் போனஸ். அது ஒரு முறைதான் வரும், ஒரு வருடத்துக்குள் கிளம்பினால் திருப்பித் தர வேண்டும். இன்ஷூரன்ஸ் பிரீமியம் 20,000. அடிப்படைச் சம்பளம் 6 லட்சம் என்பதால், கம்பெனி கட்டும் 12 சதவீத பிஎஃப் 72,000, கிராஜுவிட்டி சுமார் 29,000. பிஎஃப் உங்கள் சேமிப்புதான். கிராஜுவிட்டியோ, நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஐந்து வருடம் முடிந்தால்தான் கிடைக்கும். எல்லாம் போக மிச்சம் 9,69,000. அதிலும் நம் பங்கு பிஎஃப் மாதம் 6,000 பிடித்தால், வருமான வரிக்கு முன் கைக்கு வருவது 74,750.

இதே கணக்கை 12 லட்சத்துக்குப் போடுங்கள். அங்கே வேரியபிள் 60,000 மட்டும். இன்ஷூரன்ஸ் சிடிசிக்கு வெளியே. அடிப்படைச் சம்பளமும் பிஎஃப்பும் கிராஜுவிட்டியும் அதே அளவு. மாதம் கைக்கு 80,500 சொச்சம். சிறிய ஆஃபர்தான் மாதம் ஐயாயிரத்து எண்ணூறு ரூபாய் பெரியது! வேரியபிள் முழுதாக வந்தால் ஸ்டார்ட்அப் முந்திவிடும் என்பது உண்மைதான். ஆனால் போன இரண்டு வருடம் எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள் என்று ஹெச்ஆரிடம் கேட்டுவிட்டு அந்தத் தொகையை நம்புங்கள்.

சம்பளம், நிலைத்தன்மை, வளர்ச்சி, மேனேஜர் என்று நாலுக்கும் பத்துக்கு இத்தனை என மார்க் போட்டுக் கூட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மனசு ஏற்கெனவே ஒன்றைப் பிடித்துவிட்டால் மார்க்கும் அந்தப் பக்கமே சாயும். அதோடு, நிலைத்தன்மை கூட்டிப் பார்க்கும் விஷயமே அல்ல. அது போதுமா போதாதா என்று மட்டும் பார்க்க வேண்டியது. வீட்டுக் கடன் தவணை ஓடுகிறது, வங்கியில் இருப்பது இரண்டு மாதச் செலவுக்குத்தான் என்றால், பத்து மாதத்துக்கே பணம் வைத்திருக்கும் ஸ்டார்ட்அப் எத்தனை மார்க் வாங்கினாலும் சரிப்படாது. ஆறு மாதச் செலவு கையில் இருப்பவர் துணியலாம். கடைசியாக முதலீடு எப்போது வந்தது, இப்போதைய செலவில் எத்தனை மாதம் தாங்கும் என்று நேராகவே கேட்கலாம். மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

வளர்ச்சியையும் மேனேஜரையும் நான் பிரித்துப் பார்ப்பதில்லை. அந்தப் பெண்ணுக்கு வேண்டியது கையால் செய்யும் டெஸ்டிங்கை விட்டு ஆட்டோமேஷனுக்கு மாறுவது. பதவியின் பெயரில் 'ஆட்டோமேஷன்' என்று போட்டுவிட்டு, சேர்ந்த பிறகு பழைய வேலையிலேயே உட்கார வைக்கும் இடங்கள் உண்டு. அதை முடிவு செய்வது மேனேஜர். ஆஃபர் வந்த பிறகு, சேரப்போகும் குழுவின் மேனேஜரோடு இருபது நிமிடம் பேச வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. "இந்த இடத்தில் முன்னால் இருந்தவர் இப்போ எங்கே சார்?" "போன வருஷம் உங்க டீம்ல யாருக்கு ப்ரமோஷன் கிடைச்சது, எதுக்காக?" இந்த இரண்டு கேள்வி போதும். நல்ல மேனேஜர், "ஒருத்தங்க ரிலீஸ் டெஸ்டிங்கை முழுசா ஸ்கிரிப்ட்டுக்கு மாத்தினாங்க, அதுக்காக" என்று நடந்ததைச் சொல்வார். "இங்கே நிறைய வாய்ப்பு இருக்கு" என்று மட்டும் சொல்கிறவரிடம் எச்சரிக்கை தேவை. அதே குழுவில் இருந்து விலகியவர்களை லிங்க்ட்இன்னில் பாருங்கள். வரிசையாகப் பலர் ஒரு வருடத்துக்குள் போயிருந்தால், அவர்களில் ஒருவரிடம் பேசிவிட்டு முடிவெடுக்கலாம். மேனேஜரே நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போய்விடலாம் என்பதும் உண்மை. அதனால் அவருக்கு மேலே இருப்பவர் யார் என்றும் விசாரித்து வைக்க வேண்டும்.

இந்த உதாரணத்தில், ஸ்டார்ட்அப் மேனேஜர் ஆட்டோமேஷன் வேலையைத் தெளிவாக விவரித்து, கம்பெனியிடம் பதினெட்டு மாதத்துக்குப் பணமும் இருந்தால், மாதம் ஐயாயிரத்துச் சொச்சம் குறைந்தாலும் நான் அங்கே போகச் சொல்வேன். போவதற்கு முன், வேரியபிளில் ஒரு லட்சத்தை நிலையான சம்பளத்துக்கு மாற்றித் தரக் கேட்க வேண்டும். சிடிசி ஏறாது என்பதால் பல ஹெச்ஆர்கள் இதற்கு இறங்கி வருவார்கள். ஒப்புக்கொண்டதைத் திருத்திய லெட்டராக வாங்கிய பிறகே பழைய இடத்தில் ராஜினாமா கொடுக்க வேண்டும்.