அரை மணி நேரப் புகை

ஜப்பானின் ஒசாகாவில் முப்பது ஆண்களை வைத்து நடந்த ஒரு சோதனை 2001-இல் வெளியானது. பதினைந்து பேர் சிகரெட் பிடிப்பவர்கள், பதினைந்து பேர் பிடிக்காதவர்கள். எல்லாருமே இளவயதினர், இதயக் கோளாறு எதுவும் இல்லாதவர்கள். இவர்களை மருத்துவமனையிலேயே இருந்த புகைபிடிக்கும் அறையில் அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். உள்ளே போவதற்கு முன்பும் வெளியே வந்த பிறகும் அவர்களுடைய இதயத்துக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்று அளந்தார்கள்.

அளந்த விதத்தைச் சொன்னால்தான் முடிவு புரியும். இதயம் உடலுக்கெல்லாம் ரத்தம் அனுப்பினாலும், தன் தசைக்கு வேண்டிய ரத்தத்தைத் தன்மேல் படர்ந்திருக்கும் கரோனரி குழாய்கள் வழியாகத்தான் பெறுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது அதன் தேவை குறைவு. மாடிப்படி ஏறினாலோ, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாலோ தேவை பல மடங்காகும், குழாய்கள் உடனே விரிந்துகொடுக்க வேண்டும். குழாய்களை விரிக்கும் மருந்தைச் செலுத்திவிட்டு எக்கோ கருவியால் ரத்த ஓட்டத்தின் வேகத்தைப் பார்த்தால், ஓய்வில் இருந்ததைவிட எத்தனை மடங்கு கூடுகிறது என்று தெரிந்துவிடும். இதயத்தின் கையிருப்பு என்று இதைச் சொல்லலாம்.

புகைக்காதவர்களுக்கு அந்தக் கையிருப்பு 4.4 மடங்காக இருந்தது, புகைப்பவர்களுக்கு 3.6. அரை மணி நேரம் கழித்து அளந்தபோது புகைக்காதவர்களின் அளவு 3.4-க்கு இறங்கியிருந்தது. அதாவது, வருடக்கணக்காகச் சிகரெட் பிடித்தவர்களின் நிலைக்கே வந்துவிட்டார்கள். புகைப்பவர்களிடமோ சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. அவர்களுடைய குழாய்கள் ஏற்கெனவே இழந்ததைத்தான் மற்றவர்கள் அந்த அரை மணியில் இழந்தார்கள்.

நம் கணக்குப்படி இது ஏறுக்கு மாறானது. ஒரு நாளைக்கு இருபது சிகரெட் பிடிப்பவருக்கு இவ்வளவு கெடுதல் என்றால், பக்கத்தில் நிற்பவருக்கு அதில் துளிதானே இருக்க வேண்டும்? நுரையீரல் புற்றுநோயைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு ஓரளவு சரிதான், ஆபத்து ஏறக்குறைய புகையின் அளவை ஒட்டியே ஏறுகிறது. இதயம் அப்படி நடந்துகொள்வதில்லை. லண்டனைச் சேர்ந்த லா, மாரிஸ், வால்ட் என்ற மூவர் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்து 1997-இல் இதை எடுத்துக்காட்டினார்கள். புகைப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவரின் உடலுக்குள் போவது, தினம் இருபது சிகரெட் பிடிப்பவர் இழுக்கும் புகையில் நூற்றில் ஒரு பங்குதான். ஆனால் இதயநோய் ஆபத்து அவருக்கு சுமார் 30 சதவீதம் கூடுகிறது. இருபது சிகரெட் பிடிப்பவருக்கே கூடுவது 78 சதவீதம். நூற்றில் ஒரு பங்கு புகைக்கு, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட ஆபத்து.

ஏன் இப்படி? கெடுதல் நடக்கும் இடம் ரத்தக்குழாயின் உள்சுவர். ஒரே வரிசை செல்களால் ஆன மெல்லிய படலம் அது. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்வாக வைத்திருப்பதும், ரத்தம் சுவரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்வதும் அதன் வேலை. புகையிலுள்ள வேதிப்பொருள்கள் முதலில் அந்த வாயுவைத்தான் அழிக்கின்றன. அதே வேளையில் ரத்தத்தில் மிதக்கும் தட்டணுக்கள், காயம் எதுவும் படாமலே ஒன்றோடொன்று ஒட்டத் தயாராகிவிடுகின்றன. இவை இரண்டுமே ஸ்விட்சைப் போட்டதுபோல நடப்பவை: கொஞ்சம் புகையே போதும், அதற்கு மேல் எவ்வளவு சேர்ந்தாலும் பாதிப்பு அந்த விகிதத்தில் கூடுவதில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். டீக்கடையில் பக்கத்தில் யாரோ பீடி பற்றவைத்தார் என்பதற்காக ஆரோக்கியமான இருபத்தைந்து வயதுக்காரருக்கு மாரடைப்பு வந்துவிடாது. சான்பிரான்சிஸ்கோவில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், அரை மணி நேரப் புகைக்குப் பிறகு குழாய் விரியும் திறன் இரண்டரை மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. ஆனால் உள்சுவரைப் பழுதுபார்க்கும் செல்களின் கோளாறு மறுநாளும் தீரவில்லை. தினமும் ஒரு முறை அரை மணி புகையில் இருப்பவரின் உடலில் பழுதுபார்க்கும் வேலை முடிவதே இல்லை என்றுதான் இதற்குப் பொருள் கொள்ள முடிகிறது.

ஏற்கெனவே கரோனரி குழாயில் கொழுப்பு படிந்தவரின் கதை வேறு. தனக்கு அப்படி இருப்பதே பலருக்குத் தெரியாது. குறுகிய குழாய் விரிய மறுத்து, கொழுப்புப் படிவத்தில் ஒரு வெடிப்பும் விழுந்து, தட்டணுக்கள் ஒட்டத் தயாராக இருக்கும் வேளையும் அதுவாக இருந்தால், அந்த அரை மணியே போதும்.

இது ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் தெரிகிறதா? அமெரிக்காவின் மோன்டானா மாநிலத்தில் ஹெலினா என்ற சிற்றூரில் 2002 ஜூனில் பணியிடங்களிலும் பொது இடங்களிலும் புகைபிடிக்கத் தடை வந்தது. ஆறே மாதத்தில் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அந்த வட்டாரத்துக்கு மாரடைப்பைக் கவனிக்கும் மருத்துவமனை ஒன்றே ஒன்று என்பதால் எண்ணுவது எளிதாக இருந்தது. மற்ற ஆண்டுகளில் அதே ஆறு மாதங்களில் சராசரியாக 40 பேர் மாரடைப்போடு வந்தார்கள், தடை இருந்த ஆண்டில் 24 பேர். தடை போனதும் எண்ணிக்கை மறுபடி ஏறியது.

இந்தக் கதையைப் பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், அது சரியில்லை. நாற்பது, இருபத்துநான்கு என்பதெல்லாம் சின்ன எண்கள், தற்செயலாகவே நிறைய ஏறி இறங்கக்கூடியவை. பெரிய நாடுகளில் பார்த்தபோது இறக்கம் இவ்வளவு இல்லை. 2006-இல் தடை வந்த ஸ்காட்லாந்தில் மருத்துவமனைக்கு வரும் தீவிர இதயநோயாளிகள் 17 சதவீதம் குறைந்தார்கள். இங்கிலாந்தில் மாரடைப்புச் சேர்க்கைகள் 2.4 சதவீதம்தான் குறைந்தன. அங்கே தடைக்கு முன்பே பல அலுவலகங்கள் புகையை வெளியேற்றியிருந்தன என்பதும் ஒரு காரணமாகலாம். எனக்கு ஸ்காட்லாந்து ஆய்வுதான் அதிகம் சொல்கிறது, ஏனென்றால் அங்கே நோயாளிகள் புகைப்பவரா இல்லையா என்று பிரித்துப் பார்த்தார்கள். புகைப்பவர்களிடம் இறக்கம் 14 சதவீதம், ஒருபோதும் புகைக்காதவர்களிடம் 21 சதவீதம்.

இந்தியாவில் பொது இடத் தடை 2008 அக்டோபர் 2-இல் நடைமுறைக்கு வந்தது. முப்பது பேரோ அதற்கு மேலோ உட்காரும் உணவகம், முப்பது அறைகளோ அதற்கு மேலோ உள்ள ஹோட்டல், விமான நிலையம் ஆகியவை தனிப் புகையறை வைத்துக்கொள்ளலாம் என்று விலக்கும் தந்தது. ஒசாகா இளைஞர்கள் உட்கார்ந்ததும் அப்படியொரு அறையில்தான். நமக்கு வேண்டாமென்றால் அதற்குள் போகாமல் இருந்துவிடலாம், 2017 வரை தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போன சர்வரால் அது முடியவில்லை.

வீட்டுக்குள் அந்தச் சட்டம் வருவதில்லை. 2016-17-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் 38.7 சதவீதம் பேர் வீட்டிலேயே பிறர் புகையைச் சுவாசிக்கிறார்கள். ஜன்னலைத் திறந்து வைப்பது, அடுத்த அறையில் போய்ப் பிடிப்பது, மின்விசிறியைச் சுழலவிடுவது எல்லாம் புகையின் அளவைக் குறைக்கின்றன. நுரையீரலுக்கு அதில் கொஞ்சம் லாபம் உண்டு. குறைந்த அளவிலேயே முழு வேகத்தில் ஏறிவிடும் இதய ஆபத்துக்கு அந்தப் பாதிக் குறைப்பு பெரிதாக உதவாது. நெஞ்சுவலிக்காக ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பும் அம்மாவிடம் உப்பு, எண்ணெய், நடை எல்லாம் விசாரிப்பார்கள். வீட்டில் பிடிப்பது யார் என்ற கேள்வியைக் கேட்காவிட்டால், அதை அவரே மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. சந்தேகமிருந்தால் உமிழ்நீரிலோ சிறுநீரிலோ கோட்டினின் என்ற பொருளைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். நிகோட்டின் உடலுக்குள் சிதைந்து உருவாகும் அது, கடைசியாகப் புகை உள்ளே போய் ஓரிரு நாள் வரை காட்டிக்கொடுக்கும்.