கூடிச் சொல்ல ஒரு பாட்டு

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளின் காலை வணக்கக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, திருக்குறள், செய்தி வாசிப்பு என்று பலவும் இருக்கும். நடுவே ஒரு பாட்டுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம்தான். எட்டு முதல் பன்னிரண்டு அடிகள் போதும். ஆனால் அதைப் பல குழந்தைகள் ஒரே குரலாகச் சொல்ல வேண்டும். தனியே வாசிக்க நன்றாக இருக்கும் கவிதை இங்கே தடுமாறிவிடக்கூடும்.

கூட்டமாகச் சொல்வதற்கு முதல் தேவை சீரான நடை. விளையாட்டையும் நட்பையும் பற்றிய இந்த நான்கு அடிகளைப் பார்க்கலாம்:

கூடி ஆட வாருங்கள்
ஓடிக் கட்டம் தாண்டுங்கள்
தள்ளி நிற்கும் தோழியையும்
துள்ளி ஓடிக் கூப்பிடுங்கள்

ஒவ்வோர் அடியிலும் மூன்று சீர்கள். முதல் இரண்டும் சிறியவை, மூன்றாவது சற்று நீண்டது. அதனால் சீருக்கு ஒரு கைத்தட்டல் என்று மூன்று தட்டலில் அடி முடிகிறது. அடுத்த அடிக்கு முன் மூச்சு வாங்க இடமும் கிடைக்கிறது. கூடி, ஓடி என்றும் தள்ளி, துள்ளி என்றும் வரும் எதுகை, அடுத்த அடியின் தொடக்கத்தை நினைவுபடுத்துகிறது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் (1922–1989) பாடல்கள் பலவும் சிறிய அடி, தெளிவான எதுகை என்ற இந்த அமைப்பில் நடப்பவைதான்.

மூன்றாம் அடியை ‘ஒதுக்கப்பட்ட நண்பர்களையும் ஒருங்கிணைப்போம்’ என்று எழுதியிருந்தால் கருத்து மாறாது, நடை உடையும். சில குழந்தைகள் நீண்ட சொல்லின் நடுவில் மூச்சு வாங்குவார்கள், மற்றவர்கள் முந்திவிடுவார்கள். ஒரு வகுப்பைக் கைதட்டிச் சொல்ல வைத்தால் இது உடனே தெரிந்துவிடும். தட்டலும் குரலும் பிரியும் இடத்தில் சொல்லை மாற்ற வேண்டும்.

பொருளும் செயலாக வர வேண்டும். ‘நட்பு உயர்ந்தது’ என்பது ஆறு வயதுக் குழந்தைக்குக் காட்சியாகாது. பாண்டி ஆட்டத்தின் கட்டத்துக்கு வெளியே ஒருத்தி தனியாக நிற்பதும், இன்னொருத்தி ஓடிப்போய் அவளைக் கூப்பிடுவதும் கண்முன் நிற்கும், தினமும் நடப்பதும்கூட.

அபிநயத்தில் அளவு தேவை. நொண்டியடித்துக்கொண்டே சொன்னால் மூச்சிரைத்து அடி விழுங்கப்படும். இரண்டாம் அடி முடிந்த பிறகு ஒரு தாவல், நான்காம் அடியில் கையசைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றாம், இரண்டாம் வகுப்பினர் ஒவ்வோர் அடியின் கடைசிச் சீரை மட்டும் திருப்பிச் சொல்ல, பெரிய வகுப்பினர் முழு அடியையும் சொல்லலாம். ‘தோழி’யில் வரும் ழகரத்தை முன்கூட்டியே மெதுவாகச் சொல்லிப் பழக்க வேண்டும், கூட்டக் குரலில் அது எளிதில் ளகரமாகிவிடும்.

மைதானத்தில் பின்வரிசைக்கு முன்வரிசையின் குரல் சற்றுத் தாமதமாகவே எட்டும். அதனால் ஒத்திகையை வகுப்பறையோடு நிறுத்தாமல், கூட்டம் நடக்கும் இடத்திலேயே ஒரு முறை வைத்துவிடுவது நல்லது.