சேற்றுக்கு அடியில் ஏறும் கான்கிரீட்

ஒரு மீட்டர் அகலத்தில் இருபது மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்ட பைல் குழியை எட்டிப் பார்த்தால், விளிம்பு வரை களிம்பு போன்ற கலங்கல் நீர்தான் தெரியும். அது பெண்டோனைட் களிமண் கரைசல். மணல் சரியாமல் குழியின் சுவரைத் தாங்கி நிற்பது அதுதான். அதை வெளியே இறைத்துவிட்டுக் கான்கிரீட் போட முடியாது. மேலிருந்து கொட்டினாலோ சிமெண்ட் கரைந்து, ஜல்லி தனியாகப் போய்விடும். அதனால் டிரமி எனப்படும் இரும்புக் குழாயை அடிவரை இறக்கி, கான்கிரீட்டைக் கீழிருந்து மேலாக ஏற்றுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் இந்த வேலைக்குச் சாட்சி, நுனியில் எடை கட்டிய ஓர் அளவு நாடா மட்டுமே.

முதலில் கம்பிக்கூண்டு. கிரேன் அதைச் செங்குத்தாகத் தூக்கி மெதுவாக இறக்க வேண்டும். சாய்ந்து உரசினால் சுவர் மண் பெயர்ந்துவிடும். உரசாமலிருக்கவும், கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே கான்கிரீட் போர்வை கிடைக்கவும் சுற்றிலும் சக்கரம் போன்ற கவர் பிளாக்குகளைக் கோத்திருப்பார்கள். கூண்டு அடியில் ஊன்றி நிற்கக் கூடாது. மேலே உள்ள கேசிங் குழாயில் தொங்க வேண்டும். ஊன்றினால் தன் எடையிலேயே வளைந்துவிடும். கான்கிரீட் ஏறும்போது கூண்டையும் மேலே தள்ளக்கூடும் என்பதால், தொங்கவிட்டதோடு நிறுத்தாமல் இறுக்கியும் கட்டுகிறார்கள்.

கூண்டை இறக்கும் நேரத்தில் கரைசலில் மிதந்த மணல் அடியில் படிந்திருக்கும். எனவே டிரமியை இறக்கிய பிறகு, அதன் வழியாகவே புதிய கரைசலைச் செலுத்தி அடியை மறுபடி கழுவுவார்கள்.

அடுத்தது ஸ்லம்ப். முப்பது சென்டிமீட்டர் உயரமுள்ள கூம்பு அச்சில் கான்கிரீட்டை நிரப்பி அச்சைத் தூக்கினால் குவியல் எவ்வளவு தாழ்கிறது என்பதே இந்த அளவு. டிரமி வேலைக்கு 150 முதல் 180 மில்லிமீட்டர் வேண்டும். குழிக்குள் வைப்ரேட்டர் போட வழியில்லை. கான்கிரீட் தன் எடையாலேயே கம்பிகளுக்கிடையே வழிந்து நிரம்பியாக வேண்டும். இறுகலாக இருந்தால் குழாயிலேயே அடைத்துக்கொள்ளும். அதற்காக லாரியில் தண்ணீர் விட்டு இளக்கினால் வலு குறையும், ஜல்லியும் பிரியும். நெரிசலில் லாரி தாமதமாகும் என்றால், இறுகுவதைத் தள்ளிப்போடும் ரசாயனத்தை ஆலையிலேயே சேர்க்கச் சொல்ல வேண்டும்.

குழாயின் வாய் அடியிலிருந்து இருபது சென்டிமீட்டர் உயரத்தில் நிற்க, மேலே புனல் போன்ற ஹாப்பரை நிரப்பி, அதன் வாயை அடைத்த தகட்டை ஒரே இழுப்பில் எடுப்பார்கள். விழும் முதல் கான்கிரீட் குழாயின் வாயை ஒரு மீட்டராவது மூட வேண்டும். ஒரு மீட்டர் குழிக்கு இதற்கே சுமார் 0.94 கன மீட்டர் ஆகும். வெளியே இருக்கும் கரைசலின் அழுத்தத்தைச் சமன் செய்யக் குழாய்க்குள் நிற்க வேண்டியது, 25 சென்டிமீட்டர் குழாயானால், இன்னும் 0.4. ஆக ஒரு கன மீட்டர் ஹாப்பர் போதாது, ஒன்றரை வேண்டும். குறைந்தால் கரைசல் குழாய்க்குள் புகுந்து பைலின் அடியே கெட்டுவிடும்.

இனி நாடா பேசும். ஆறு கன மீட்டர் லாரி ஒன்று காலியானால், கணக்குப்படி கான்கிரீட் 7.6 மீட்டர் ஏற வேண்டும். நாடா 6.9 மீட்டர் என்று காட்டினால், குழி வரைபடத்தைவிடப் பெரிதாகி, பத்தில் ஒரு பங்கு கான்கிரீட் கூடுதலாகப் போயிருக்கிறது. இதுதான் ஓவர்பிரேக். தளர்ந்த மணலில் இது ஓரளவு நேரும். கட்டுக்குள் வைக்க, மேல் மண்ணைத் தாண்டிக் கேசிங் இறக்க வேண்டும். கரைசலின் மட்டம் எப்போதும் நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்க வேண்டும். துளைக்கருவியை வேகமாக உருவக் கூடாது, உருவினால் அது பம்பின் பிஸ்டனைப் போலச் சுவரை உறிஞ்சி இழுக்கும். தோண்டிய குழியை இரவு முழுக்கத் திறந்து போடுவதும் ஆபத்து.

கூடுதலாகச் செலவானால் நஷ்டம் பணத்தோடு போகும். பயப்பட வேண்டியது எதிர்ப்பக்கம். அடுத்த லாரிக்கு 7.6க்குப் பதில் 9 மீட்டர் ஏறியதாக நாடா காட்டினால், அங்கே மண் சரிந்து கான்கிரீட்டின் இடத்தைப் பிடித்திருக்கலாம். அந்த இடத்தில் பைலின் இடுப்பு சிறுத்துவிட்டது என்று பொருள். சிக்கனம் என்று மகிழாமல் ஆழத்தைக் குறித்துவைத்து, பின்னர் அந்தப் பைலைச் சோதிக்க வேண்டும்.

குழாயை எவ்வளவு உருவலாம் என்பதையும் நாடாவே சொல்கிறது. 6.9 மீட்டர் ஏறிய நிலையில் குழாய் 6.7 மீட்டர் புதைந்திருக்கும். மூன்று மீட்டர் துண்டு ஒன்றைக் கழற்றினால் 3.7 மிஞ்சும், சரி. அவசரத்தில் இரண்டைக் கழற்றினால் மிஞ்சுவது 0.7 மட்டுமே. இரண்டு மீட்டராவது புதைந்திருக்க வேண்டும் என்பது வழக்கம். வாய் வெளியே வந்துவிட்டால் பைலின் நடுவே சேறு ஓர் அடுக்காக உட்கார்ந்துவிடும். மீண்டும் சொருகினாலும் அது போகாது.

முதலில் கொட்டிய கான்கிரீட்தான் பெரும்பாலும் கரைசலை உரசியபடி உச்சிக்கு வந்து சேரும். அதனால் தேவையான மட்டத்துக்கு மேலேயும் அரை மீட்டருக்குக் குறையாமல் ஊற்றி, இறுகிய பின் அந்தச் சேறு கலந்த தலையை உடைத்தெடுக்கிறார்கள். நல்ல கான்கிரீட் தட்டுப்படும் வரை உடைப்பு தொடரும்.