எப்போதும் பரிசு விழும் பெட்டி

2021 மார்ச்சில் இந்திய வாட்ஸ்ஆப் குழுக்களில் பரவிய ஒரு செய்தி, அமேசான் நிறுவனம் தன் முப்பதாம் ஆண்டு நிறைவையொட்டி அனைவருக்கும் இலவசப் பரிசு வழங்குவதாகக் கூறியது. அந்நிறுவனம் 1994இல் தொடங்கப்பட்டதாகையால் முப்பது நிறைய அப்போது இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. ஆனால் பரிசு என்ற சொல்லைக் கண்டபின் கணக்குப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இணைப்பைத் தட்டியவரிடம் வயது, பாலினம், கையிலிருப்பது ஆண்ட்ராய்டா ஐபோனா என்பன போன்ற எளிய கேள்விகள் கேட்கப்பட்டன. எந்த விடையைத் தேர்ந்தாலும் அடுத்த பக்கம் ஒன்றே என்பதால், இக்கேள்விகள் கருத்தறிய வைக்கப்பட்டவை அல்ல, வரப்போகும் பரிசைத் தன் உழைப்புக்கான கூலியாக ஒருவரை எண்ண வைப்பதற்கே வைக்கப்பட்டவை எனலாம். பின்னர் திரையில் வரிசையாகத் தோன்றிய பெட்டிகளுள் ஒன்றைத் திறந்தவருக்கு ஹுவாவே கைபேசி 'விழுந்தது'. அதைப் பெற, செய்தியை ஐந்து குழுக்களுக்கோ இருபது நண்பர்களுக்கோ அனுப்ப வேண்டியிருந்தது. இத்தகைய பக்கங்களில் எத்தனையாவது முயற்சியில் பரிசு விழ வேண்டும் என்பது பக்கத்தின் நிரலிலேயே முன்கூட்டி எழுதப்பட்டிருக்கும். கீழே நன்றி சொல்லும் 'வெற்றியாளர்களின்' கருத்துகளும் அவ்வாறே எழுதி ஒட்டப்பட்டவை.

இவ்வகை மோசடியின் மற்றொரு வடிவத்தில், பரிசை அனுப்பும் செலவுக்கென ஒரு சிறு தொகையும் அதற்காகக் கார்டு விவரங்களும் கேட்கப்படுகின்றன. குறி அத்தொகை அன்று: கார்டு எண், காலாவதி மாதம், பின்புறமுள்ள மூன்றிலக்க சிவிவி எண் ஆகியவை கிடைத்தால், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும் சந்தா ஒன்றில் கார்டுக்காரரைச் சேர்த்து, அவரிடம் மாதந்தோறும் பணம் பிடிக்க முடியும். ஓடிபி வராமல் பணம் போகாது என்ற நம்பிக்கை உள்நாட்டுப் பரிவர்த்தனைக்கே பெரிதும் பொருந்தும்; வெளிநாட்டு வணிகத்தளங்கள் பல அதைக் கேட்பதில்லை. 2020இல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாக வழங்கப்படும் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு தொடக்கத்தில் மூடியே இருக்கும். ஒரு பயணத்துக்காக அதைத் திறந்து, மூட மறந்தவர்களே இங்கு எளிதில் அகப்படுவர்.

போலியை இனங்காண முகவரியை வலப்புறமிருந்து படிக்க வேண்டும்.

```
https://amazon.com.gift.example/win
```

மூன்றாம் சாய்கோட்டுக்குச் சற்று முன்னுள்ள gift.example என்பதே இங்கு தளத்தின் உண்மைப் பெயர். அதற்கு இடப்புறம் எதை வேண்டுமானாலும், அமேசான் என்றும்கூட, அத்தளத்தின் உரிமையாளர் எழுதிக்கொள்ள முடியும்.

விவரங்களைக் கொடுத்துவிட்டவர், முதல் பிடித்தம் வரும்வரை காத்திராமல், வங்கிச் செயலியில் கார்டை முடக்கி வங்கிக்குத் தெரிவிப்பதும், பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணில் புகார் செய்வதும் வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பில், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது அவரையும், தெரிவித்தபின் போவது வங்கியையும் சாரும்.