பதிவில் சொன்ன சொல் பக்கத்தில் இருக்கிறதா?

இன்ஸ்டாகிராம் பதிவின் குறிப்பில் இணைய முகவரியை எழுதினால் அது வெறும் எழுத்தாகத்தான் நிற்கும், தொட்டாலும் திறக்காது. அதனால்தான் சிறு கடைக்காரர்கள் எல்லாரும் ‘லிங்க் பயோவில்’ என்று எழுதுகிறார்கள். பதிவைப் பார்த்தவர் கணக்கின் பெயரைத் தொட்டு, பயோவுக்குப் போய், லிங்கைக் கண்டுபிடித்து, பக்கம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். இத்தனையும் செய்கிறவர் வேடிக்கை பார்க்க வந்தவர் அல்ல. அவர் மனத்தில் ஒரு குறிப்பிட்ட பொருள் இருக்கிறது. அப்படிப்பட்டவரே பக்கத்தைப் பார்த்த சில விநாடிகளில் திரும்பிப் போனால், முதலில் சந்தேகிக்க வேண்டியது பக்கத்தின் மேல்வரியில் இருக்கும் சொற்களை.

சுங்குடிச் சேலை விற்கும் ஒரு கடையை வைத்துப் பார்ப்போம். ரீலில் ஒரு பெண் அரக்கு நிறச் சேலையின் முடிச்சுகளை அவிழ்க்கிறார். ஒவ்வொரு முடிச்சும் அவிழ அவிழ வெள்ளைப் புள்ளி தெரிகிறது. கீழே, ‘கையால் முடிச்சிட்டுச் சாயம் ஏற்றிய சுங்குடி. அரக்கு நிறம். 2,400 ரூபாய். லிங்க் பயோவில்’ என்று இருக்கிறது. லிங்கைத் தொட்டால் கடையின் முகப்பு திறக்கிறது. மேலே பெரிய எழுத்தில் ‘பாரம்பரியத்தின் புதிய முகவரி’. அதன் கீழே பட்டுச் சேலைக்கான பண்டிகைத் தள்ளுபடி. இன்னும் கீழே போனால் ‘காட்டன் கலெக்‌ஷன்’. அதைத் தொட்டால் நாற்பது சேலைகள். அவற்றில் அச்சிட்ட சுங்குடியும் உண்டு, கையால் முடிச்சிட்டதும் உண்டு. இரண்டின் பெயரும் ‘சுங்குடி காட்டன்’ என்றே இருக்கிறது. ஒன்று 650 ரூபாய், இன்னொன்று 2,400.

வந்தவருக்கு இங்கே இரண்டு சிக்கல். தான் பார்த்த சேலை எது என்று தெரியவில்லை. அதைவிட மோசமானது, 650 ரூபாய்ச் சேலையும் அதே பெயரில் இருப்பதால், ரீலில் காட்டிய கைவேலை உண்மைதானா என்ற ஐயம் வந்துவிடுகிறது. ரீல் சம்பாதித்த நம்பிக்கையைப் பக்கத்தின் பெயர்ப்பட்டியல் அழித்துவிட்டது.

இணையத்தில் மனிதர்கள் எப்படி வழி தேடுகிறார்கள் என்பதை 1990களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் பீட்டர் பிரோல்லியும் ஸ்டூவர்ட் கார்டும் ஆராய்ந்தார்கள். இரையின் மோப்பத்தைப் பிடித்துப் போகும் விலங்கைப் போலவே, தேடும் பொருளின் அடையாளம் கூடிக்கொண்டே போகும்வரை மனிதர் தொடர்ந்து போவார். அது மங்கினால் வேறு இடம் தேடுவார் என்பது அவர்கள் வைத்த கோட்பாடு. நம் சேலைக் கடையில் அந்த அடையாளம் மூன்று சொற்கள்தான்: கைமுடிச்சு, அரக்கு, 2,400. ‘பாரம்பரியத்தின் புதிய முகவரி’ என்ற வரியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. இன்ஸ்டாகிராம் பெரும்பாலும் லிங்கைத் தன் செயலிக்குள்ளேயே திறப்பதால், ஒரே தட்டில் மறுபடி ரீல்களுக்குப் போய்விடவும் முடிகிறது.

திருத்தத்தைப் பின்னாலிருந்து தொடங்குவது நல்லது. முதலில், சேலை இருக்கும் பக்கம். கைபேசியில் விரலால் தள்ளாமலே தெரியும் பகுதியில், ரீலில் வந்த அதே சேலையின் படமும், ‘கையால் முடிச்சிட்ட சுங்குடி, அரக்கு நிறம், 2,400 ரூபாய்’ என்ற வரியும் இருக்க வேண்டும். பதிவில் ‘அரக்கு’ என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் ‘மெரூன்’ என்று போடக் கூடாது. எழுதுகிறவருக்கு இரண்டும் ஒன்று. தேடி வந்தவருக்கு ஒரு கணம் தயக்கம். ரீலில் காட்டிய முடிச்சவிழ்ப்பின் ஒரு படத்தை அடுத்து வைக்கலாம், விலைக்கான காரணம் அதுதானே. அச்சுச் சேலைகளுக்கு ‘அச்சுச் சுங்குடி’ என்று வெளிப்படையாகப் பெயரிட்டுத் தனியே வைத்துவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை.

அடுத்து பயோ. 150 எழுத்துக்குள் எழுத வேண்டிய இடம் அது. ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்று அதை வீணாக்குவதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். ‘ரீலில் வந்த கைமுடிச்சுச் சுங்குடிகள் கீழே’ என்ற ஒரு வரி போதும், வந்தவருக்கு வழி சரிதான் என்று தெரிந்துவிடும்.

சிக்கலான இடம் இனிமேல்தான். பயோ ஒன்று, பதிவுகளோ பல. இன்று பயோ லிங்கை இந்தச் சேலைக்கு மாற்றினால், போன மாத ரீலைப் பார்த்து வருகிறவர் வேறு பொருளில் வந்து விழுவார். ரீல்கள் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் புதியவர்களிடம் போய்க்கொண்டிருக்கும். 2023 ஏப்ரல் முதல் பயோவில் ஐந்து லிங்க் வரை வைக்கலாம் என்றாலும் அதுவும் விரைவில் நிரம்பிவிடும். அதற்குத்தான் இடைப்பக்கம்: லிங்க்ட்ரீ போன்ற சேவையிலோ சொந்தத் தளத்திலோ, பதிவுகளில் வந்த பொருள்களை மட்டும் புதியது மேலே வருமாறு அடுக்கிய ஒரு பக்கம். அங்கே ‘ஷாப்’, ‘நியூ அரைவல்ஸ்’ என்று பொத்தான்கள் வைத்தால் பயன் இல்லை. ஒவ்வொரு பொத்தானிலும் பதிவின் முகப்புப் படமும் பதிவின் சொல்லும் இருக்க வேண்டும்: ‘அரக்கு கைமுடிச்சு, முடிச்சு அவிழ்க்கும் ரீல்’.

சேலை விற்றுத் தீர்ந்தாலும் பொத்தானை எடுத்துவிடக் கூடாது. பழைய ரீலிலிருந்து வருகிறவர் அதைத்தான் தேடுவார். பக்கத்தில் ‘இந்த அரக்குச் சேலை விற்றுவிட்டது, இதே கைமுடிச்சில் பச்சை, மஞ்சள் இருக்கின்றன’ என்று எழுதினால் அவர்களில் சிலராவது நிற்பார்கள். முகப்புக்குத் திருப்பிவிட்டால் ஏன் இங்கே வந்தோம் என்றே அவருக்குப் புரியாது.

தளமே இல்லாமல் வாட்ஸாப்பில் விற்கும் கடைகளுக்கும் இது பொருந்தும். வாட்ஸாப் லிங்கில் செய்தியை முன்கூட்டியே நிரப்பி வைக்கலாம். இடைவெளிக்குப் பதில் `%20` போட வேண்டும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=arakku%20kaimudichu%20sungudi
```

வாடிக்கையாளர் ‘ஹலோ’ என்று தொடங்கிப் பொருளை விளக்க வேண்டிய வேலை இல்லை. எந்தச் சேலை என்று கடைக்காரருக்கும் முதல் செய்தியிலேயே தெரிந்துவிடும்.

திருத்தம் வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது? பயோ லிங்க் எல்லாப் பதிவுக்கும் பொது என்பதால், அதை மட்டும் எண்ணினால் யார் எந்தப் பதிவிலிருந்து வந்தார் என்று தெரியாது. இடைப்பக்கத்தின் ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி அடையாளம் சேர்க்க வேண்டும்:

```
?utm_source=instagram&utm_medium=bio&utm_content=arakku-reel
```

கூகுள் அனலிட்டிக்ஸில், பத்து விநாடிக்கு மேல் இருந்தவர், இரண்டு பக்கமாவது பார்த்தவர், அல்லது கடைக்காரர் முக்கியம் என்று குறித்துவைத்த செயலைச் செய்தவரின் வருகை ஈடுபாடுள்ளதாகக் கணக்கிடப்படும். மற்றவை வந்தவுடன் போனவை. ஒரு பொத்தானில் மட்டும் வந்தவுடன் போனவற்றின் விகிதம் உயர்ந்திருந்தால், அந்தப் பதிவையும் பக்கத்தையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். வருகையாளர் மிகக் குறைவு என்றால் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். கடைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் பதிவைக் காட்டி, ‘லிங்கைத் தொட்டால் என்ன வரும் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு பக்கத்தின் முதல் திரையோடு ஒப்பிட்டால் போதும்.

சொல் பொருத்தத்தால் தீராத விலகலும் உண்டு. பக்கத்தில் ஒரு நிமிடம் இருந்து, படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, கூடையிலும் போட்டபின் போகிறவருக்குத் தேடியது கிடைத்துவிட்டது. அவரைத் தடுத்தது வேறு. பெரும்பாலும் கடைசித் திரையில் திடீரென்று முளைக்கும் கூரியர் கட்டணத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மேல்வரியை எத்தனை முறை மாற்றி எழுதினாலும் அவர் திரும்ப மாட்டார். ‘2,400 ரூபாய், கூரியர் தனி’ என்று பதிவிலேயே எழுதினால் லிங்கைத் தொடுகிறவர்கள் சற்றுக் குறையக்கூடும்; ஆனால் தொடுகிறவர்கள் விலை தெரிந்தே வருவார்கள்.