எண்ணியதும் எண்ணப்பட்டதும்

இணையப் பக்கத்தில் ஒரு விளம்பரம் ஒருமுறை தோன்றுவதை விளம்பரத் துறையில் ஒரு இம்ப்ரெஷன் என்பார்கள். ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு இத்தனை ரூபாய் என்று விலை பேசி, அந்த விலையை சிபிஎம் என்று சொல்வது வழக்கம். ஏஜென்சி போடும் மீடியா பிளானில் மொத்தம் எத்தனை இம்ப்ரெஷன் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். மாதம் முடிந்ததும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு எண்கள் வந்து நிற்கும். ஒன்று விளம்பரத்தை வெளியிட்ட தளத்தின் கணக்கு, மற்றொன்று ஏஜென்சி தன் பங்குக்கு வைத்திருக்கும் ஆட் சர்வரின் கணக்கு. இரண்டும் ஒத்துப்போவது அபூர்வம்.

ஒத்துப்போகாததற்குக் காரணம் பெரும்பாலும் ஏமாற்று அல்ல. இரண்டு இயந்திரங்களும் ஒரே நிகழ்வை வெவ்வேறு கணத்தில் எண்ணுகின்றன. வாசகர் பக்கத்தைத் திறந்ததும் தளத்தின் சர்வர் விளம்பரத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்பி, தன் கணக்கில் ஒன்றைக் கூட்டிக்கொள்கிறது. அந்த விளம்பரத்தோடு டிராக்கிங் பிக்ஸல் எனப்படும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படமும் போகிறது. பிரவுசர் அந்தப் படத்தைக் கேட்டு ஏஜென்சியின் ஆட் சர்வரைத் தட்டும்போதுதான் அங்கே ஒன்று கூடும். இடைப்பட்ட நேரம் ஒரு நொடிக்கும் குறைவாக இருக்கலாம். ஆனால் அதற்குள் வாசகர் வேறு பக்கத்துக்குத் தாவலாம், ரயிலில் சிக்னல் போகலாம், விளம்பரத் தடுப்பான் குறுக்கே நிற்கலாம். போதாததற்கு, மனிதரல்லாத பாட் வருகைகளை இரண்டு சர்வர்களும் தத்தம் சல்லடையில் சலிக்கின்றன. எனவே இரண்டாவதாக எண்ணுபவரின் கணக்கு சற்றுக் குறைவதே இயல்பு. நான்கைந்து சதவீத வித்தியாசத்துக்கு யாரும் தொலைபேசியை எடுப்பதில்லை.

எந்த அளவுக்கு மேல் போனால் பேச வேண்டும் என்பதற்கு ஒரு கோடு உண்டு. அமெரிக்காவின் ஐஏபி, 4ஏஸ் என்னும் இரு தொழில் அமைப்புகள் 2009இல் வெளியிட்ட பொது ஒப்பந்த விதிகளின் மூன்றாம் பதிப்பு அந்தக் கோட்டை 10 சதவீதத்தில் போட்டது. பணம் கொடுக்க எந்தக் கணக்கு அடிப்படை என்பதை இரு தரப்பும் முதலிலேயே ஒப்புக்கொள்கின்றன. அந்த அடிப்படைக் கணக்கு மற்றதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் இருவரும் சேர்ந்து காரணம் தேட வேண்டும். தேடியும் தீராவிட்டால் ஏஜென்சிக்கு இரண்டு வழிகள். குறைந்ததை விநியோகக் குறைவாகக் கருதி ஈடாக மீண்டும் ஓட்டச் சொல்லலாம். அல்லது அடிப்படைக் கணக்கோடு 10 சதவீதம் கூட்டிப் பணம் கொடுத்து முடித்துக்கொள்ளலாம்.

தேடுவது எப்படி என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். ஜூன் மாதம் முழுக்க ஒரு செய்தித் தளத்தில் 20,00,000 இம்ப்ரெஷன், சிபிஎம் 150 ரூபாய், ஆக 3,00,000 ரூபாய். பணத்துக்கு அடிப்படை ஏஜென்சியின் ஆட் சர்வர். மாத முடிவில் தளம் 20,40,000 என்கிறது. ஆட் சர்வர் 17,34,000 என்கிறது. இடைவெளி 3,06,000, அதாவது தளத்தின் எண்ணில் 15 சதவீதம். எதன் மீது சதவீதம் என்பதை முதலில் முடிவுசெய்துகொள்வது நல்லது. ஆட் சர்வர் எண்ணை வகுத்தியாக வைத்தால் இதே இடைவெளி 17.6 சதவீதமாகிவிடும், இது புரியாமல் நீளும் மின்னஞ்சல் சண்டைகளுக்குக் குறைவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம். தளம் இந்திய நேரத்தில் எண்ணுகிறது. ஏஜென்சியின் ஆட் சர்வர் கணக்கோ நியூயார்க் நேரத்தில் திறக்கப்பட்டது. சென்னையில் ஜூன் 1 பிறக்கும்போது அங்கே மே 31 பிற்பகல் 2.30. ஜூன் 1 முதல் என்று அறிக்கை எடுத்தால் முதல் ஒன்பதரை மணி நேரம் வெட்டுப்பட்டுவிடும். மே 31ஐயும் சேர்த்து எடுத்ததும் 24,000 இம்ப்ரெஷன் திரும்பி வருகிறது. ஆட் சர்வர் கணக்கு 17,58,000 ஆகிறது.

அடுத்து, மொத்தத்தை உடைக்க வேண்டும். மொத்த எண்ணை எவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்தாலும் அது எதுவும் சொல்லாது. டெஸ்க்டாப் இடங்களில் தளம் 12,40,000, ஆட் சர்வர் 11,90,000. அது 4 சதவீதம், இயல்பானது. மொபைல் இடத்தில் தளம் 8,00,000, ஆட் சர்வர் 5,68,000. அது 29 சதவீதம். திருடன் மொபைலில் இருக்கிறான்.

மொபைல் கணக்கை மணிவாரியாக எடுத்து இந்திய நாளாகத் தொகுத்தால் படம் தெளிகிறது. ஜூன் 12 வரை இடைவெளி 5 சதவீதம். 13ஆம் தேதி முதல் 45 சதவீதம். மெல்ல ஏறாமல் ஒரே நாளில் தாவும் இடைவெளி என்றால் யாரோ எதையோ மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அன்று மொபைல் விளம்பரத்தின் படம் மாறியது. புதிய படத்தோடு பிக்ஸல் டேகையும் தளத்தின் ஊழியர் மீண்டும் ஒட்டினார். ஒட்டிய டேகின் வால் முதல் வரியில் உள்ளபடி இருந்தது. இருந்திருக்க வேண்டியது இரண்டாவது வரி.

```
;ord=[timestamp]
;ord=%%CACHEBUSTER%%
```

ஏஜென்சி அனுப்பும் டேகில் உள்ள அந்தச் சதுர அடைப்பு வெறும் இடம்பிடிப்பான். தளம் தன் சர்வரின் மேக்ரோவை அங்கே வைத்தால்தான் (இது கூகுள் ஆட் மேனேஜரின் மேக்ரோ) ஒவ்வொரு முறையும் புதிய எண் ஒன்று விழுந்து முகவரி மாறும். வைக்காவிட்டால் முகவரி மாறுவதே இல்லை. ஒரே முகவரியை இரண்டாம் முறை கேட்கும் பிரவுசர், முன்பே சேமித்து வைத்த படத்தை எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடலாம். விளம்பரம் வாசகர் கண்ணில் படுகிறது, தளம் எண்ணுகிறது, ஆட் சர்வரின் கதவை மட்டும் யாரும் தட்டவில்லை. சரிபார்ப்பது எளிது. பிரவுசரின் நெட்வொர்க் பலகையைத் திறந்து வைத்துப் பக்கத்தை இரண்டு முறை ஏற்றினால், பிக்ஸல் வரியில் இரண்டாம் முறை `disk cache` அல்லது `memory cache` என்று வரும்.

காரணம் கிடைத்தாலும் எண்ணப்படாதது திரும்பி வராது. அதைப் பேசித்தான் தீர்க்க முடியும். 13 முதல் 30 வரை மொபைலில் தளம் எண்ணியது 4,80,000, ஆட் சர்வர் எண்ணியது 2,64,000. டேக் சரியாக இருந்திருந்தால் முந்தைய 5 சதவீதம்தான் குறைந்திருக்கும் என்று கொண்டால் 4,56,000 வந்திருக்கும். அந்த 1,92,000 வித்தியாசத்தை ஏஜென்சி ஏற்றால் மொத்தம் 19,50,000. திட்டத்துக்குக் குறைவது 50,000. அதை ஜூலை முதல் வாரத்தில் கட்டணமின்றி ஓட்டித் தர தளம் ஒப்புக்கொண்டால் இன்வாய்ஸ் 3,00,000 ரூபாய்க்கே போகும். ஓட்டியதை எண்ணும் பொறுப்பு ஆட் சர்வருக்கே. திட்டத்துக்கு மேல் தளம் காட்டும் 40,000க்கு யாரும் பணம் தருவதில்லை.

இந்த மதிப்பீடு ஒப்பந்தம் தரும் உரிமை அல்ல, நல்லெண்ணத்தில் வருவது. பிழை தளத்துடையது என்று ஏஜென்சி கறாராக நின்றால் 17,58,000 என்றே வைத்து, மீதி 2,42,000ஐயும் ஓட்டித் தரச் சொல்லலாம். 10 சதவீதம் கூட்டிக் கொடுக்கும் வழியில் போனால் 19,33,800க்கு 2,90,070 ரூபாய். எந்த வழியானாலும் தேதிவாரிக் கணக்கு, பழைய டேக், திருத்திய டேக், இரு தரப்பு ஒப்புதல் ஆகிய நான்கும் இன்வாய்ஸோடு கோப்பில் இருக்க வேண்டும், ஏனென்றால் விளம்பரதாரரின் தணிக்கையாளர் ஆட் சர்வர் அறிக்கையைத்தான் முதலில் கேட்பார்.

பிக்ஸலே வைக்க முடியாத இடத்தில் இந்த உடைப்பு வேலை நடக்காது. சமூக ஊடகத் தளங்கள் பலவற்றில் தளத்தின் சொந்த எண்ணே இறுதி. அங்கே அதையே அடிப்படையாக ஒப்பந்தத்தில் எழுதிவிடுவதுதான் நடைமுறை. பார்வையில் பட்ட இம்ப்ரெஷன் என்னும் அளவையும் இதில் கலக்கக்கூடாது. விளம்பரத்தின் பாதிப் பரப்பு ஒரு நொடியாவது திரையில் நின்றால்தான் அது எண்ணப்படும்; அதைச் சாதாரண இம்ப்ரெஷனோடு ஒப்பிட்டால் தெரிவது விளம்பரம் பக்கத்தின் எந்த மூலையில் இருந்தது என்பதுதான்.

இந்த ஜூன் கணக்கு மாதக் கடைசியில் பிடிபட்டதால்தான் 2,16,000 எண்கள் விடுபட்டன. படம் மாறிய மறுநாள் காலையிலேயே இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால், சுமார் 12,000 எண்களோடு நின்றிருக்கும்.